12 கிலோ சிப்ஸுக்கு ஏன் மொத்த விலை கிடையாது?

தோவாளைப் பூச்சந்தையில் பிச்சி கிலோ என்ன விலை, மல்லிகை கிலோ என்ன விலை என்பது காலையிலேயே செய்தியாக வந்துவிடும். அதைப் படித்தவர் சாயங்காலம் தெருமுனையில் பூ வாங்கும்போது மனசுக்குள் ஒரு கணக்குப் போடுவார். கிலோவுக்கு அந்த விலை என்றால் முழத்துக்கு இவ்வளவுதானே வரணும், இந்த அக்கா ஏன் கூடச் சொல்கிறார்? கூடையைச் சுமந்து வந்ததும், உதிரிப்பூவைத் தொடுத்ததும், இருட்டுவதற்குள் விற்காத பூ வாடிப்போவதும் அந்தக் கணக்கில் வருவதில்லை.

மொத்த விலை என்றால் அதுதான் பொருளின் ‘உண்மையான’ விலை, சில்லறை விலை என்பது அதன் மேல் ஏற்றிவைத்த லாபம் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. அப்படி எண்ணுகிறவருக்கு மொத்த விலையை மறுத்தால் மனத்தாங்கல்தான் வரும். கடைக்காரருக்குக் கொடுப்பாய், எனக்குக் கொடுக்க மாட்டாயா என்பார். மறுப்பவருக்கும் காரணம் சரியாகச் சொல்ல வராது. “கட்டுப்படியாகாது” என்று ஒற்றை வார்த்தையில் முடித்துவிடுவார். அது உண்மைதான், ஆனால் கேட்பவர் காதில் அது பேரம் தொடங்குவதற்கான மணி அடித்த மாதிரி கேட்கும்.

நான் தக்கலைப் பக்கம் ஏத்தங்காய் சிப்ஸ் போடும் சின்ன யூனிட் ஒன்றை நடத்துகிறேன். நம் மாவட்டத்துக்கு வெளியே உள்ளவர்கள் இதை நேந்திரங்காய் சிப்ஸ் என்பார்கள். போன மாதம் குலசேகரத்திலிருந்து ஒரு டீச்சர் போன் செய்தார். புது வீடு பால்காய்ப்பு, வருகிறவர்களுக்குக் கொடுக்கக் கால் கிலோ பாக்கெட்டாக 48 வேண்டும், அதாவது 12 கிலோ. “தம்பி, 12 கிலோ எடுக்கேன். கடைக்குப் போடுற ரேட்டே எனக்கும் போட்டுத் தரணும்” என்றார். முடியாது என்று சொன்னேன். எப்படிச் சொன்னேன், அதற்குப் பின்னால் என்ன கணக்கு இருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை. எண்கள் எங்கள் யூனிட்டுக்கு உரியவை, எளிதாகப் புரிய வேண்டுமென்று வட்டமாக்கியிருக்கிறேன். உங்கள் தொழிலில் எண்கள் வேறாக இருக்கும், கணக்குப் போடும் முறை இதுவேதான்.

ஒரு ஆட்டோ, மூன்று பேர்

தக்கலை பஸ் ஸ்டாண்டிலிருந்து பத்மநாபபுரம் அரண்மனைக்கு ஆட்டோவில் போகிறீர்கள். ஒருவராகப் போனாலும் மூன்று பேராகப் போனாலும் ஆட்டோக்காரர் கேட்பது ஒரே தொகை. மூன்று பேர் போனால் தலைக்கு மூன்றில் ஒரு பங்கு. ஒருவர் மட்டும் ஏறிக்கொண்டு, “மூன்று பேராக வருகிறவர்கள் தலைக்குக் கொடுப்பதைத்தான் நானும் கொடுப்பேன்” என்று சொன்னால் என்ன ஆகும்? மீதி இரண்டு பங்கை ஆட்டோக்காரர் தன் கையிலிருந்து போட வேண்டும். வண்டி ஓடிய தூரமும் எரிந்த டீசலும் ஆள் குறைந்ததால் குறையவில்லை.

விலை அடுக்கு என்பதும் இந்த ஆட்டோ மாதிரிதான். வாங்கும் அளவைப் பொறுத்து கிலோ விலை படி இறங்குவதை விலை அடுக்கு என்கிறோம். கரண்ட் பில்லில் ‘சிலாப்’ என்கிறார்களே, அதுபோல. அங்கே அளவு கூடினால் விலை ஏறும், இங்கே இறங்கும். எங்கள் அடுக்குகள் மூன்று. 10 கிலோவுக்குக் கீழே கிலோ 480 ரூபாய். 10 முதல் 44 கிலோ வரை 460. 45 கிலோவும் அதற்கு மேலும் 410. கடைகள் எடுப்பது கடைசி அடுக்கில்.

இரண்டு விதமான செலவு

எந்தப் பொருளை எடுத்தாலும் அதற்கு ஆகும் செலவை இரண்டாகப் பிரிக்கலாம்.

முதலாவது, கிலோ கூடக்கூடக் கூடவே ஏறுவது. இதைக் கிலோச் செலவு என்று வைத்துக்கொள்வோம். எங்கள் கணக்கில் ஒரு கிலோ சிப்ஸுக்குத் தோலோடு நாலு கிலோ பச்சை ஏத்தங்காய் போகும். தோல் கழிந்து, காயில் இருக்கும் தண்ணீர் எண்ணெயில் வற்றி, கடைசியில் நிற்பது ஒரு கிலோ. காய் கிலோ 40 ரூபாய் என்றால் அதற்கே 160. சிப்ஸ் குடிக்கும் தேங்காய் எண்ணெய் சுமார் 300 கிராம், எண்ணெய் கிலோ 400 என்று வைத்தால் 120. உப்பு, மஞ்சள், விறகு 20. தோல் உரித்து, சீவி, வறுக்கிற கூலி 40. மொத்தம் 340 ரூபாய். டீச்சருக்கு என்றாலும் கடைக்கு என்றாலும் இந்த 340 மாறாது. “காய் ஒன்றுதானே, எண்ணெய் ஒன்றுதானே, அப்புறம் எதற்கு இரண்டு விலை” என்று கேட்பவர் இந்தப் பாதியை மட்டும்தான் பார்க்கிறார்.

இரண்டாவது, எத்தனை கிலோ என்பதைப் பார்க்காமல் ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு தடவை விழுவது. இதை ஆர்டர் செலவு என்போம். போனில் பேசி எழுதிக்கொள்வது, நாள் குறிப்பது, தனியே எடுத்து வைப்பது, பில் போடுவது, பணம் வந்ததா என்று பார்ப்பது. இதற்கெல்லாம் ஓர் ஆளின் நேரம் போகிறது. அதை 200 ரூபாய் என்று கணக்கில் எழுதுகிறோம். பிறகு வண்டி. பக்கத்து வீட்டு லோடு ஆட்டோக்காரர் குலசேகரத்துக்கு 300 ரூபாய் கேட்பார். உள்ளே 12 கிலோ இருந்தாலும் 60 கிலோ இருந்தாலும் அதே 300. ஆக ஓர் ஆர்டருக்கு 500.

இவை இரண்டுக்கும் நடுவில் பாக்கெட் போடுகிற செலவு நிற்கிறது. அது கிலோவைப் பார்ப்பதில்லை, பாக்கெட் எண்ணிக்கையைப் பார்க்கிறது. கால் கிலோ கவருக்கு 2 ரூபாய், லேபிளுக்கு 1, நிறுத்துப் போட்டு வாய் ஒட்டுகிற கூலி 3. ஆக பாக்கெட்டுக்கு 6 ரூபாய், கிலோவுக்கு 24. கடைக்குப் போவது ஐந்து கிலோ பிடிக்கிற பெரிய கவரில். அந்தக் கவருக்கும் அதைக் கட்டுவதற்கும் சேர்த்து 20 ரூபாய், கிலோவுக்கு வெறும் 4. அவர்கள் கடையில் வைத்துத் தாங்களே பிரித்து நிறுத்து விற்றுக்கொள்வார்கள்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: காயும் எண்ணெயும் எல்லோருக்கும் ஒன்று. ஆர்டர் செலவு கிலோ கூடினால் பரவிக் கரையும், குறைந்தால் சில கிலோக்களின் தலையில் மட்டும் ஏறி உட்காரும். பாக்கெட் சிறியதாக ஆக, கூலி கூடும்.

45 என்ற எண் எங்கிருந்து வந்தது

அடுக்கு எந்த இடத்தில் மாறுகிறதோ அதை வரம்பு என்கிறோம். பலர் வரம்பை 25, 50, 100 என்று வாய்க்கு வந்த முழு எண்ணில் வைப்பார்கள். அப்படி வைத்தால் வாடிக்கையாளர் கேட்கும்போது விளக்க முடியாது. “50-க்குத்தானா, 48-க்கு ஏன் இல்லை?” என்றால் திணறிப் போவோம். வரம்புக்கு அடியில் கையால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரு காரணம் இருக்க வேண்டும்.

எங்களிடம் இருப்பது ஒரே ஒரு பெரிய இரும்புச் சட்டி. அதில் ஒரு டின், அதாவது 15 கிலோ எண்ணெய் ஊற்றினால், ஒரு ஈட்டுக்குச் சுமார் ஒன்றரைக் கிலோ சிப்ஸ் வரும். காயை நேராக எண்ணெயின் மேலேயே சீவ வேண்டும். சலசலப்பு அடங்கி வரும்போது உப்பும் மஞ்சளும் கரைத்த தண்ணீரை ஊற்ற வேண்டும். சத்தம் நிற்கும்போது அரித்து எடுக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஓர் ஈடு. காலையில் அடுப்பு மூட்டினால் மதியத்துக்குள் 30 ஈடு எடுக்கலாம். 30 ஈடு என்றால் 45 கிலோ. அதோடு அன்றைய அடுப்பு முடிந்தது.

ஒரே ஆள் 45 கிலோ கேட்டால் ஒரு நாள் அடுப்பு முழுக்கப் பெரிய கவரில், ஒரே பில்லில், ஒரே வண்டியில் போய்விடுகிறது. நான் இன்னும் மூன்று பேரைத் தேட வேண்டாம், பாக்கெட் போட ஆள் வைக்க வேண்டாம், மீந்ததை டப்பாவில் அடைத்துவைத்து நமத்துப்போகுமோ என்று பார்க்க வேண்டாம். அதனால்தான் 45. இதைச் சொன்னால் எவரும் மறுத்துப் பேசி நான் பார்த்ததில்லை. சட்டியைக் காட்டினால் இன்னும் நல்லது.

கீழ் வரம்பான 10 கிலோவுக்கு இவ்வளவு பெரிய கதை கிடையாது. அதற்குக் கீழே வாங்குகிறவர்கள் பெரும்பாலும் யூனிட்டுக்கே வந்து ஒன்று இரண்டு பாக்கெட் எடுப்பவர்கள். அவர்களுக்கு வண்டி வேண்டாம், ஆனால் அவர்களுக்காக முன்னறையில் ஓர் ஆள் நாள் முழுக்க உட்கார வேண்டும்.

டீச்சரின் 12 கிலோவும் கடையின் 60 கிலோவும்

இப்போது இரண்டு ஆர்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

டீச்சருக்கு 12 கிலோ. கிலோச் செலவு 12 பெருக்கல் 340, அதாவது 4,080. பாக்கெட் 48, தலா 6 ரூபாய், 288. ஆர்டர் செலவு 500. மொத்தம் 4,868 ரூபாய். நடு அடுக்கு விலையான 460-இல் கொடுத்தால் வரவு 5,520. கையில் நிற்பது 652 ரூபாய், கிலோவுக்கு 54.

அதே குலசேகரத்தில் ஒரு கடைக்கு 60 கிலோ. கிலோச் செலவு 20,400. பெரிய கவர் 12, அதற்கு 240. ஆர்டர் செலவு அதே 500. மொத்தம் 21,140. விலை 410 வீதம் வரவு 24,600. நிற்பது 3,460, கிலோவுக்கு 58 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு.

54-ம் 58-ம். கிலோவுக்கு எனக்கு நிற்பது இரண்டு பேரிடமும் ஏறக்குறைய ஒன்றுதான். டீச்சரிடம் 50 ரூபாய் கூடுதலாக வாங்குகிறேன் என்றாலும் அது என் பைக்கு வரவில்லை. எங்கே போகிறது என்று விரல் விட்டே எண்ணலாம். 500 ரூபாய் ஆர்டர் செலவை 12 கிலோவில் பிரித்தால் கிலோவுக்கு 42 ரூபாய், 60 கிலோவில் பிரித்தால் 8 ரூபாய். வித்தியாசம் 34-க்குக் கொஞ்சம் குறைவு. பாக்கெட்டில் 24-க்கும் 4-க்கும் வித்தியாசம் 20. இரண்டையும் கூட்டினால் 53. அந்த 53-இல் 50-ஐ டீச்சர் கொடுக்கிறார், மீதியை நான் தாங்குகிறேன்.

சரி, டீச்சர் கேட்டபடி 410-க்கே கொடுத்திருந்தால்? வரவு 4,920, செலவு 4,868. முழு ஆர்டருக்கும் 52 ரூபாய். ஒரு பாக்கெட்டின் வாய் சரியாக ஒட்டாமல் திரும்பி வந்தாலே அது முழுக்கப் போய்விடும்.

உங்கள் அடுக்குகள் சரியாக வைக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்கவும் இதே கணக்குதான். ஒவ்வொரு அடுக்கிலும் வழக்கமாக வரும் ஓர் ஆர்டரை எடுத்துக் கிலோவுக்கு என்ன நிற்கிறது என்று பாருங்கள். எண்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் சரி. சின்ன ஆர்டரில் 120-ம் பெரிய ஆர்டரில் 40-ம் நிற்கிறது என்றால், சின்ன வாடிக்கையாளர் முணுமுணுப்பதில் நியாயம் இருக்கிறது. அப்போது மறுப்பை எப்படிச் சொல்வது என்று யோசிப்பதை விட்டுவிட்டு விலையைத் திருத்துவதுதான் வேலை.

கடைக்காரர் என்ற இன்னொரு காரணம்

செலவுக் கணக்கில் வராத ஒரு காரணமும் உண்டு. கடைக்காரர் 410-க்கு எடுத்து 480-க்கு விற்கிறார். இடையில் உள்ள 70 ரூபாய் அவருடைய கடை வாடகை, கரண்ட், நொறுங்கிப்போவது, கடன் சொல்லிவிட்டுப் போகிறவர்கள், எல்லாவற்றுக்கும் சேர்த்து. இப்படி மறுவிற்பனைக்காரருக்கு விட்டுக்கொடுக்கும் இடைவெளியை மார்ஜின் என்பார்கள்.

சில வருஷத்துக்கு முன்பு ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு 20 கிலோவைக் கடை விலைக்கே போட்டுக்கொடுத்தேன். சொந்தம், மறுக்க வாய் வரவில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் விலை பேச்சாகிவிட்டது. அந்தப் பக்கத்தில் வழக்கமாக எடுக்கும் கடைக்காரர் அடுத்த வாரம் ஒன்றும் சண்டை போடவில்லை. “அண்ணே, உங்க கிட்ட நேரா வாங்கினா 410-ன்னு ஆளுக்கு ஆள் சொல்லுகாங்க. அப்போ எங்கிட்ட எவன் வாங்குவான்?” என்று மட்டும் கேட்டார். அடுத்த இரண்டு மாதம் அவர் ஆர்டர் பாதியாகக் குறைந்தது. 20 கிலோவில் நான் விட்டது 1,000 ரூபாய். கடையில் இழந்தது அதைவிடப் பல மடங்கு.

சொல்லும் விதம்

டீச்சரிடம் போனில் பேசிவிட்டு, அன்றே வாட்ஸ்அப்பில் எழுதியும் அனுப்பினேன். எழுத்தில் போனால் வீட்டில் மற்றவர்களிடம் காட்ட உதவும், வாய்ப்பேச்சில் எண் மாறிப்போகாது. அனுப்பியது இதுதான்:

> வணக்கம் டீச்சர். பால்காய்ப்புக்கு 12 கிலோ, கால் கிலோ பாக்கெட் 48. உங்களுக்குக் கிலோ 460 வீதம் 5,520 ரூபாய், குலசேகரத்தில் வீட்டில் கொண்டு தருவதும் இதில் அடக்கம். 10 கிலோவுக்கு மேல் என்பதால் 480-இலிருந்து ஏற்கெனவே 20 குறைத்த விலை இது. நீங்கள் கேட்ட 410 என்பது ஒரே ஆர்டரில் 45 கிலோவோ அதற்கு மேலோ, ஐந்து கிலோ கவரில் எடுப்பவர்களுக்கு. அவர்களுக்குப் பாக்கெட் வேலை இல்லை, வண்டிக்கூலி 45 கிலோவில் பிரிந்துவிடும். 12 கிலோவுக்கு அந்த விலை போட முடியாது. நீங்களே வந்து எடுப்பதாகவோ பாக்கெட் வேண்டாம் என்றோ சொன்னால் அந்தச் செலவு குறையும், அதைக் கணக்குப் பார்த்துச் சொல்கிறேன்.

இதில் சில விஷயங்களைத் தெரிந்தேதான் செய்திருக்கிறேன். முதல் வரியிலேயே அவருக்கான விலையும் மொத்தத் தொகையும் வந்துவிடுகின்றன. மறுப்பு பிறகுதான் வருகிறது. அவர் ஏற்கெனவே ஓர் அடுக்கு இறங்கியிருக்கிறார் என்பதையும் சொல்கிறேன். பலருக்கு இது தெரியாது, தங்களுக்கு ஒன்றுமே குறைக்கவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார்கள். “முடியாது” என்பதை ஒரு தடவை, நேராக, இழுக்காமல் சொல்கிறேன். “பார்க்கலாம் டீச்சர், முயற்சி பண்றேன்” என்று எழுதியிருந்தால் அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருப்பார், அதில் தப்பும் இல்லை.

சொல்லாமல் விட்டதும் ஒன்று உண்டு. ஏத்தங்காய் விலை ஏறிப்போச்சு, எண்ணெய் விலை ஏறிப்போச்சு என்று நான் சொல்லவில்லை. ஓணம் நெருங்கும்போது குலை விலை ஏறுவதை எல்லோரும் அறிவார்கள், அதனால் அந்தச் சாக்கு நாக்கு நுனியில் எப்போதும் தயாராக நிற்கும். ஆனால் டீச்சர் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. காய் விலை ஏறினால் மூன்று அடுக்குமே ஏறும், அடுக்குகளுக்கு இடையில் உள்ள தூரம் அப்படியேதான் இருக்கும். அடுத்த வாரம் நாகர்கோவில் அப்டா மார்க்கெட்டில் குலை விலை இறங்கிவிட்டால், அதே சாக்கைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு “இப்ப குறைக்கலாமே” என்று கேட்பார். கேட்கத்தான் செய்வார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. 410 முடியாது, சரி, 450-க்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று நடுவில் ஓர் எண்ணுக்கு இறங்குவது. பாதிவழி வந்தது நியாயம் மாதிரித் தெரியும். ஆனால் இத்தனை நேரம் சொன்ன காரணம் முழுக்கப் பொய் என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும். செலவு 10 ரூபாய் எங்கே குறைந்தது என்று டீச்சர் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

அடுத்து வரும் மூன்று கேள்விகள்

“இப்போ 12 எடுக்கேன், ஓணத்துக்கு இன்னொரு 12, கிறிஸ்துமஸுக்கு 12, பொங்கலுக்கு 12. மொத்தம் 48 ஆச்சே?” இது டீச்சரே கேட்டது. நல்ல கேள்வி. ஆனால் நாலு தடவை 12 எடுப்பதும் ஒரு தடவை 48 எடுப்பதும் ஒன்றல்ல. நாலு ஆர்டர் என்றால் ஆர்டர் செலவு நாலு தடவை 500, பாக்கெட் நாலு தடவை 288. மொத்தம் 3,152 ரூபாய். ஒரே தடவை பெரிய கவரில் போனால் அந்த 48 கிலோவுக்கு இவை இரண்டும் சேர்ந்து 700-தான். அடுக்கு பார்ப்பது வருஷத்தில் எவ்வளவு வாங்குகிறீர்கள் என்பதை அல்ல, இந்தத் தடவை அடுப்பிலிருந்து எவ்வளவு ஒன்றாக இறங்குகிறது என்பதை. வரப்போகும் ஆர்டரைச் சொல்லிக் கேட்பவருக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: அந்த 45 கிலோ வரும் நாளில் 410 கண்டிப்பாக உண்டு.

“எப்படியும் அன்றைக்கு வேறு ஆர்டருக்கும் வறுப்பீங்க. அதோட என் 12 கிலோவையும் சேர்த்துப் போட்டா உங்களுக்கு என்ன செலவு?” இதில் பாதி சரி. அடுப்பு மூட்டுவதும் எண்ணெய் காய்ச்சுவதும் பங்கிடப்படுகின்றன, அதனால்தான் 12 கிலோவுக்கும் கிலோச் செலவை 340 என்றே போடுகிறேன். அவருக்கென்று தனியாக அடுப்பு மூட்டினால் அது இன்னும் ஏறும். ஆனால் பாக்கெட்டும் பில்லும் வண்டியும் சேர்த்து வறுத்ததால் குறையவில்லை.

“நாங்க தெருவில் நாலு வீடு சேர்ந்து 48 கிலோ எடுத்தா?” தாராளமாக. ஆனால் ஒருவர் பெயரில் ஒரு பில், ஒரே நாள், ஒரே வீட்டு வாசலில் இறக்கம், பெரிய கவரில். நாலு வீட்டு வாசலிலும் வண்டி நிற்க வேண்டும், ஆளுக்கொரு பில் வேண்டும் என்றால் அது நாலு ஆர்டர்தான்.

மூன்று கேள்விக்கும் அடியில் இருப்பது ஒன்று: எந்தச் செலவு உண்மையில் குறைகிறது? குறைந்தால் விலையும் குறையும்.

41 கிலோ கேட்கிறவரிடம் சொல்லியே ஆக வேண்டியது

இதுவரை சின்ன வாடிக்கையாளரை மறுப்பதைப் பற்றிப் பேசினோம். இதே அடுக்கு சில சமயம் விற்பவரின் முகத்தில் அறையும்.

44 கிலோ, 460 வீதம் 20,240 ரூபாய். 45 கிலோ, 410 வீதம் 18,450. ஒரு கிலோ கூட வாங்கினால் பில் 1,790 ரூபாய் குறைகிறது! வரம்பைத் தாண்டியதும் புது விலை முதல் கிலோவிலிருந்தே பொருந்துவதால் வரும் கோளாறு இது. கணக்குப் பார்த்தால் 41, 42, 43, 44 கிலோ கேட்கும் நால்வருமே 45 வாங்கினால் லாபம். 40 கிலோ என்றால் 18,400, அது மட்டும் 50 ரூபாயில் தப்பிக்கிறது.

கரண்ட் பில்லில் இதன் மறுபக்கத்தை நாம் எல்லோரும் அனுபவித்திருப்போம். நம் மாநிலத்தில் இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, அதற்குக் கீழே உள்ள ஒரு பகுதிக்கும் கூடுதல் விலை பொருந்தும். அதனால்தான் ரீடிங் எடுக்கும் நாள் நெருங்கும்போது வீட்டில் மீட்டரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து ஃபேனை அணைக்கச் சொல்கிறார்கள்.

கோளாறே இல்லாமல் அடுக்கு வைக்க வழி உண்டு. முதல் 44 கிலோவுக்கு எப்போதும் 460, அதற்கு மேல் வரும் கிலோக்களுக்கு மட்டும் 410 என்று வைக்கலாம். ஆனால் 60 கிலோ எடுக்கும் கடைக்கு அப்போது பில் 26,800 ஆகிவிடும், கிலோ சராசரி 447. அவருக்கு மார்ஜின் என்று மிஞ்சுவது 33 ரூபாய். அவர் வேறு யூனிட்டைத் தேடிப் போவார். அதனால் கோளாறை வைத்துக்கொண்டே ஓட்டுகிறோம். பதிலுக்கு 41 கிலோ கேட்கிறவரிடம் நாங்களாகவே சொல்லிவிடுகிறோம்: “அண்ணே, 45-ஆ எடுத்துக்கிடுங்க, பில் குறையும்.” ஆனால் பெரிய கவர்தான், பாக்கெட் கிடையாது என்பதையும் கூடவே சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டு அவர் பிறகு வீட்டில் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தால், அடுக்கு பற்றி நாம் சொன்ன எதையுமே நம்ப மாட்டார்.

டீச்சர் என்ன செய்தார்

மறுநாள் பதில் வந்தது. “நாங்களே கார்ல வந்து எடுத்துக்கிடுதோம். பாக்கெட்டும் வேண்டாம், வீட்டில் பிள்ளைகள் இருக்கு, போட்டுக்கிடுவோம். இப்போ என்ன ரேட்டு?”

இப்போது கணக்கு மாறுகிறது. வண்டிக்கூலி 300 இல்லை. 48 பாக்கெட்டுக்கான 288-க்குப் பதில் மூன்று கவர், ஐந்து, ஐந்து, இரண்டு கிலோ என்று, 60 ரூபாய். அதில் மிச்சம் 228. ஆக மொத்தம் 528 ரூபாய் செலவு உண்மையாகவே குறைந்தது. கிலோவுக்கு 44. நான் கிலோவுக்கு 40 குறைத்து 420 என்று சொன்னேன். பில் 5,040. அவருக்கு 480 ரூபாய் மிச்சம். எனக்கு நிற்பது 652-லிருந்து 700 ஆனது, கொஞ்சம் கூடத்தான் செய்தது. அடுக்கு விலை 460 அப்படியே நிற்கிறது. பில்லிலும் 460 என்று போட்டு, கீழே ‘நேரில் எடுத்தது, பாக்கெட் இல்லை’ என்று எழுதி 480 ரூபாயைக் கழித்துக் காட்டினேன். வேறு யாராவது அந்தப் பில்லைப் பார்த்தாலும் எதற்காகக் குறைந்தது என்பது அதிலேயே இருக்கும்.

எடுக்க வந்தபோது டீச்சர் கடைசியாக ஒன்று கேட்டார், எங்கள் பெயர் அச்சிட்ட காலிக் கவர் 48 தர முடியுமா என்று. அதைத் தரவில்லை. அந்த லேபிளில் எங்கள் உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறது. வேறு ஒருவர் வீட்டில் நிறுத்து ஒட்டிய பாக்கெட்டுக்கு அந்த எண் பொறுப்பேற்க முடியாது. அச்சில்லாத வெறும் கவர் 48, தலா 2 ரூபாய்க்கு, 96 ரூபாய் வாங்கிக்கொண்டு கொடுத்தேன். மெழுகுவர்த்தியில் வாய் ஒட்டுகிற விதத்தை முன்னறையில் இருந்த பொண்ணு இரண்டு கவரில் செய்து காட்டினாள்.